டெல்டா டைம் போட்டும் பனங்காய் வண்டி போனுக்குப் போன் வேறு தூரம் தாண்டுகிறது

வீரவநல்லூரான்

எல்லோருக்கும் வணக்கம். பனங்காய் வண்டி ஓட்டும் பையனை வைத்து ஒரு சின்ன பிரவுசர் கேம் செய்துகொண்டிருக்கிறேன். கான்வாஸும் வெறும் ஜாவாஸ்கிரிப்டும்தான், எஞ்சின் எதுவும் கிடையாது. பையன் கவட்டைக் குச்சியால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவான். வழியில் வரப்பு வரும், வாய்க்கால் வரும், தாண்ட வேண்டும். விரலை எடுத்தால் வண்டி கொஞ்ச தூரம் உருண்டு தானாக நிற்கும்.

முதலில் ஃப்ரேமுக்கு 5 பிக்சல் என்று நகர்த்தினேன். என் லேப்டாப் திரை 60 ஹெர்ட்ஸ், அதில் சரியாக இருந்தது. நண்பனின் 120 ஹெர்ட்ஸ் போனில் இரட்டை வேகத்தில் ஓடியது. காரணம் புரிந்தது. டெல்டா டைம் போட்டு மாற்றினேன். இப்போது இப்படி இருக்கிறது:

```js
function loop(now) {
  const dt = (now - last) / 1000;
  last = now;
  if (!pressed) vx *= 0.95;
  vy += 1800 * dt;
  x += vx * dt;
  y += vy * dt;
  draw();
  requestAnimationFrame(loop);
}
```

ஓடும் வேகம் `vx = 300`, குதிக்கும்போது `vy = -600`. ஓட்டம் இப்போது எல்லாக் கருவியிலும் ஒன்றுதான், ஸ்டாப்வாட்ச் வைத்தே பார்த்துவிட்டேன். ஆனால் இரண்டு விஷயம் இன்னும் மாறுகிறது.

ஒன்று, கன்னடியன் கால்வாய் என்று பெயர் வைத்திருக்கும் கட்டத்தில் வாய்க்காலின் அகலம் 192 பிக்சல். லேப்டாப்பில் தாண்டிவிடுகிறான். அக்காவின் பழைய போனில் 30 ஃப்ரேம்தான் வருகிறது, அதில் எப்போதும் தண்ணீருக்குள் விழுகிறான். என் விரல்தான் தாமதமோ என்று நினைத்து, கரை விளிம்பில் தானாகவே குதிக்கும்படி எழுதியும் பார்த்தேன். அப்படியும் விழுகிறான்.

இரண்டு, விரலை எடுத்த பிறகு வண்டி உருளும் தூரம். லேப்டாப்பில் சுமார் 95 பிக்சல், நண்பன் போனில் அதில் பாதி, அக்கா போனில் 190. எல்லாவற்றையும் `dt` கொண்டு பெருக்கிய பிறகும் ஏன் இப்படி?

பேட்டைத்தம்பி

தம்பி, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். 60-க்கு மேல் ஓடவிடாமல் பூட்டு போட்டுவிடுங்கள். போன ஃப்ரேமுக்குப் பிறகு 16.6 மில்லிசெகண்டு ஆகவில்லை என்றால் எதுவும் செய்யாமல் திரும்பிவிட வேண்டும். அப்புறம் `dt` என்பதே தேவையில்லை, பழைய 5 பிக்சல் கணக்கே போதும். நான் இரண்டு கேம் இப்படித்தான் வெளியிட்டேன்.

```js
if (now - last < 16.6) {
  requestAnimationFrame(loop);
  return;
}
```

களக்காட்டு வாழை

பேட்டை அண்ணே, உங்கள் முறை 120 ஹெர்ட்ஸ் திரையில் ஓரளவு வேலை செய்யும், ஏனென்றால் 120 என்பது 60-இன் இரு மடங்கு. என் போன் 90 ஹெர்ட்ஸ். அதில் ஃப்ரேம் 11.1 மில்லிசெகண்டுக்கு ஒன்று வரும். முதல் ஃப்ரேமில் 11 தான் ஆகியிருக்கும், திருப்பி அனுப்பிவிடுவீர்கள். அடுத்தது வரும்போது 22 ஆகிவிடும், அதை ஏற்றுக்கொள்வீர்கள். ஆக நொடிக்கு 45 ஃப்ரேம். ஃப்ரேமுக்கு 5 பிக்சல் என்றால் 300-க்குப் பதில் 225 தான் ஓடும். இதே மாதிரி ஒரு கேமை விளையாடி, ஏன் இவ்வளவு மந்தமாக இருக்கிறது என்று நான் குழம்பியிருக்கிறேன்.

60 ஹெர்ட்ஸ் திரையிலும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஃப்ரேம் இடைவெளி ஒருமுறை 16.5 ஆக வந்துவிட்டால் அதைத் தள்ளிவிடுவீர்கள், அடுத்தது 33-இல்தான். அந்த இடத்தில் ஒரு வெட்டு வெட்டும். அக்காவின் 30 ஃப்ரேம் போனுக்கோ இது எந்த வகையிலும் உதவாது, அங்கே எல்லாமே பாதி வேகத்தில்தான் போகும்.

பேட்டைத்தம்பி

90 ஹெர்ட்ஸ் கணக்கை நான் யோசிக்கவில்லை. நீங்கள் சொல்வது சரி. என்னிடம் இருப்பது 60 போனும் 120 போனும்தான், இரண்டிலும் ஒழுங்காக ஓடியதால் விட்டுவிட்டேன். அப்படியானால் உராய்வு வரியிலும் `dt` கொண்டு பெருக்கிவிட்டால் தீர்ந்துவிடுமே? `vx *= 0.95 * dt`. அந்த ஒரு வரியில் மட்டும்தான் தம்பி பெருக்காமல் விட்டிருக்கிறார்.

பாளைச்சுவடி

வீரவநல்லூர் தம்பி, உங்கள் இரண்டு பிரச்சினைகளும் வேறு வேறு. இரண்டாவது எளிது, அதை முதலில் முடித்துவிடலாம்.

பேட்டைத்தம்பி அந்த வரியைச் சரியாகவே பிடித்துவிட்டார். மருந்துதான் வேறு. `0.95 * dt` என்றால் 60 ஃப்ரேமில் அது 0.0158. விரலை எடுத்த முதல் ஃப்ரேமிலேயே 300 வேகம் 5-க்குக் கீழே போய்விடும். வண்டி உருளாது, அறைந்தாற்போல் நிற்கும்.

0.95 என்பதை எப்படிப் படிக்க வேண்டும் என்றால், "ஒரு ஃப்ரேமில் வேகம் நூற்றுக்கு 95 ஆகக் குறைகிறது". அந்த "ஒரு ஃப்ரேமில்" என்ற சொல் எண்ணுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஒரு நொடியில் 60 தடவை அந்தப் பெருக்கல் நடந்தால் மிஞ்சுவது 0.95-இன் 60-ஆம் அடுக்கு, அதாவது வேகத்தில் நூற்றுக்கு ஐந்துக்கும் கொஞ்சம் கீழே. 30 தடவை மட்டும் நடந்தால் நூற்றுக்கு 21 மிஞ்சும். 120 தடவை நடந்தால் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. அடுக்கடுக்காகப் பெருகும் ஒன்றைச் சாதாரணப் பெருக்கலால் சரிசெய்ய முடியாது, அடுக்கில்தான் நேரத்தை வைக்க வேண்டும்:

```js
vx *= Math.pow(0.95, dt * 60);
```

60 ஃப்ரேமில் `dt * 60` ஒன்றாகிவிடும், பழைய 0.95 அப்படியே வரும். அதனால் லேப்டாப்பில் நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த உருளல் மாறாது. 30 ஃப்ரேமில் அடுக்கு இரண்டாகி 0.9025 வரும், 120-இல் அரையாகி 0.9747 வரும். ஒரு நொடி கழித்து மூன்றிலும் ஒரே வேகம் மிஞ்சியிருக்கும்.

கேமரா பையனைப் பின்தொடர்கிற வரியைக் காட்டவில்லை. ஆனால் நிச்சயம் எங்காவது `cam += (x - cam) * 0.1` என்று இருக்கும். அதுவும் இதே நோய்தான். ஒரு ஃப்ரேமில் மீதித் தூரம் 0.9 ஆகிறது என்று படித்துக்கொள்ளுங்கள்:

```js
cam += (x - cam) * (1 - Math.pow(0.9, dt * 60));
```

ராதாபுரம் காற்றாடி

எனக்கும் இதே `dt` பிரச்சினைதான், இங்கேயே கேட்டுவிடுகிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் காற்றாலைகள் நிறைய. ஒரு பக்கத்துக்குப் பின்னணியாக மூன்று இறக்கை காற்றாலை வரைந்து சுழலவிட்டேன். நாலு நொடிக்கு ஒரு சுற்று, அதாவது நொடிக்கு 90 டிகிரி என்று கணக்கு. `angle += 90 * dt` போட்டு `ctx.rotate(angle)`. என் கம்ப்யூட்டரில் அது படுவேகமாகப் பின்பக்கம் சுற்றுகிறது. மகள் போனில் முன்பக்கம் சுற்றுகிறது. திசையே மாறுகிறது என்றால் `dt` எங்கோ மைனஸ் ஆகிறது என்றுதானே அர்த்தம்? வீரவநல்லூர் தம்பிக்கும் அதுதான் நடக்கிறதோ என்று தோன்றுகிறது.

பாளைச்சுவடி

அண்ணாச்சி, உங்களுடையது வேறு சங்கதி. `dt` மைனஸ் ஆகவில்லை. `ctx.rotate` டிகிரியை வாங்காது, ரேடியனைத்தான் வாங்கும். நீங்கள் கொடுத்த 90 அங்கே நொடிக்கு 90 ரேடியன் ஆகிவிட்டது, அதாவது நொடிக்குப் பதினான்கு சுற்றுக்கும் மேல்.

திசை மாறுவதற்குக் காரணம் மூன்று இறக்கைகள். அவை ஒன்றுபோல் இருப்பதால் 120 டிகிரிக்கு ஒருமுறை படம் அதே படமாகிவிடும். 60 ஃப்ரேமில் உங்கள் காற்றாலை ஃப்ரேமுக்குச் சுமார் 86 டிகிரி திரும்புகிறது. கண்ணுக்கு 86 முன்னே போனதும் 34 பின்னே போனதும் ஒரே படம்தான், கண் சின்ன நகர்வையே நம்பும். மகளுடையது 120 ஹெர்ட்ஸ் போனாக இருக்க வேண்டும். அதில் ஃப்ரேமுக்கு 43 டிகிரி, அரை இடைவெளியான 60-ஐத் தாண்டவில்லை, அதனால் முன்னே போவதாகவே தெரிகிறது. `90 * Math.PI / 180 * dt` என்று போட்டுப் பாருங்கள்.

ராதாபுரம் காற்றாடி

போட்டேன். இப்போது பணகுடி பக்கம் நிற்கிற காற்றாலை மாதிரியே ஆற அமரச் சுற்றுகிறது. நன்றி. மகள் போன் 120 தான்.

வீரவநல்லூரான்

அக்கா, அடுக்கு போட்டேன். உருளும் தூரம் என் அக்கா போனில் 93, லேப்டாப்பில் 95, நண்பன் போனில் 96 வருகிறது. 190-க்கும் 47-க்கும் நடுவே ஆடியது போய்விட்டது. மிச்சம் இருக்கும் அந்த இரண்டு மூன்று பிக்சல் எங்கிருந்து வருகிறது? கேமராவும் நீங்கள் சொன்னபடியே எழுதியிருந்தேன், அதையும் மாற்றிவிட்டேன்.

வாய்க்கால்தான் இன்னும் பாக்கி. அதில் எல்லா வரியிலும் `dt` இருக்கிறது, ஒளிந்திருக்கும் எண்ணும் எதுவும் இல்லை.

அம்பை வாத்தியார்

நான் பள்ளியில் இயற்பியல் எடுப்பவன். கேம் எழுதியதில்லை. ஆனால் இந்தக் கணக்கு என் கணக்கு என்பதால் நுழைகிறேன்.

ஒரு தாளில் நேரத்தைக் கிடையாகவும் வேகத்தைச் செங்குத்தாகவும் வைத்துக் கோடு வரையுங்கள். குதித்த கணத்தில் மேல்நோக்கி 600, ஈர்ப்பு நொடிக்கு 1800 குறைக்கிறது, ஆகவே மூன்றில் ஒரு நொடியில் கோடு பூஜ்யத்தைத் தொடும். அந்தச் சாய்ந்த கோட்டுக்குக் கீழே உள்ள முக்கோணத்தின் பரப்புதான் பையன் எட்டும் உயரம். 600-ஐ மூன்றால் வகுத்து அதில் பாதி, 100 பிக்சல். இதுதான் உண்மையான விடை.

உங்கள் நிரல் அந்த முக்கோணத்தைச் சாய்கோடாகப் பார்க்கவில்லை, படிக்கட்டாகப் பார்க்கிறது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் முதலில் வேகத்தைக் குறைத்துவிட்டு, குறைந்த வேகத்தோடு ஃப்ரேம் முழுவதும் போனதாகக் கணக்கு எழுதுகிறது. ஆகவே ஒவ்வொரு படியும் கோட்டுக்குக் கீழேயே இருக்கும், ஒவ்வொரு படியிலும் ஒரு சின்ன முக்கோணம் பரப்பில் விட்டுப்போகும். அப்படி விட்டுப்போனதை எல்லாம் கூட்டினால் வருவது 600-ஐ `dt`-ஆல் பெருக்கி அதில் பாதி. 60 ஃப்ரேமில் 5 பிக்சல் போய் உயரம் 95, 30 ஃப்ரேமில் 10 போய் 90, 120-இல் 97.5.

இனி வாய்க்கால். உண்மையில் பையன் காற்றில் இருக்க வேண்டியது மூன்றில் இரண்டு நொடி, கடக்க வேண்டியது 200 பிக்சல். உங்கள் படிக்கட்டுக் கணக்கில் அவன் எப்போதும் ஒரு ஃப்ரேம் முன்கூட்டியே தரைக்கு வந்துவிடுகிறான். 60-இல் 40 ஃப்ரேமுக்குப் பதில் 39, தூரம் 195. 30-இல் 20-க்குப் பதில் 19, தூரம் 190. வாய்க்கால் அகலம் 192. லேப்டாப்பில் மூன்று பிக்சலில் பிழைக்கிறான், அக்கா போனில் இரண்டு பிக்சலில் நனைகிறான்.

இரண்டு வரிகளின் வரிசையை மாற்றி, முதலில் `y`, பிறகு `vy` என்று எழுதினாலும் தீராது. அப்போது படிகள் கோட்டுக்கு மேலே போய்விடும், 60-இல் 105, 30-இல் 110 என்று பிழை மறுபக்கம் சாயும்.

வீரவநல்லூரான்

சார், இதை வாசித்த பிறகுதான் புரிகிறது. 192 என்று நான் வைத்ததே லேப்டாப்பில் விளையாடிப் பார்த்து, "மயிரிழையில் தாண்ட வேண்டும்" என்று வைத்த அளவு. அதனால்தான் சரியாக அந்த இடத்தில் மாட்டியிருக்கிறது. அப்படியானால் சாய்கோட்டின் பரப்பை எப்படி எடுப்பது?

அம்பை வாத்தியார்

சாய்கோடு நேர்கோடாக இருக்கும்வரை எளிது. ஃப்ரேமின் தொடக்க வேகத்துக்கும் முடிவு வேகத்துக்கும் சராசரி எடுத்து, அந்தச் சராசரியோடு நகர்த்துங்கள். படிக்குப் பதில் சரிவகம் கிடைக்கும், சரிவகங்களைக் கூட்டினால் முக்கோணம் மிச்சமில்லாமல் நிரம்பும்.

```js
const vy0 = vy;
vy += 1800 * dt;
y += (vy0 + vy) / 2 * dt;
```

இது தோராயம் இல்லை. ஈர்ப்பு மாறாமல் இருக்கும்வரை எந்த ஃப்ரேம் ரேட்டிலும் பையன் அதே வளைகோட்டின் மேலேதான் இருப்பான். வண்டி உருளலில் மிஞ்சிய இரண்டு மூன்று பிக்சலும் இதே படிக்கட்டுப் பிழைதான். அங்கே கோடு வளைந்து இறங்குகிறது, சராசரி எடுத்தால் பிழை வெகுவாகக் குறையும், முழுதாகப் போகாது.

களக்காட்டு வாழை

நான் கோடோவில் செய்கிறேன், என் அனுபவம் ஒன்று. இதையெல்லாம் வாசித்துவிட்டு யாராவது அங்கே போய் எல்லாவற்றிலும் `delta` போட்டுவிடக் கூடாது. நான் அப்படித்தான் `velocity.x = 300 * delta` என்று எழுதிவிட்டு `move_and_slide()` அழைத்தேன். ஆள் நகர்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. `move_and_slide()` தனக்குள்ளேயே நேரத்தால் பெருக்கிக்கொள்கிறது. நான் ஒருமுறை, அது ஒருமுறை, ஆக நொடிக்கு 5 பிக்சல். வேகத்தை நொடிக்கு இத்தனை என்ற கணக்கிலேயே கொடுத்துவிட்டு, ஈர்ப்பைக் கூட்டுகிற இடத்தில் மட்டும் `delta` போட வேண்டும்.

வீரவநல்லூரான்

சார் சொன்ன மூன்று வரியைப் போட்டேன். நேற்று சாயங்காலம் அக்கா போனில் வாய்க்காலைத் தாண்டிவிட்டான்! பத்து தடவை விட்டேன், பத்தும் தாண்டினான். லேப்டாப்பிலும் இப்போது கரையைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளியே இறங்குகிறான், அதனால் அகலத்தை 197 ஆக்கிவிட்டேன்.

இன்னொரு தொந்தரவு இருக்கிறது. அக்கா விளையாடிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. பேசி முடித்துத் திரும்பினால் பையன் தரையிலேயே இல்லை, எங்கேயோ போய்விட்டான். இதுவும் `dt` தானா?

பாளைச்சுவடி

ஆமாம், இது `dt` தான். பக்கம் பின்னணிக்குப் போனதும் பிரவுசர் `requestAnimationFrame`-ஐ நிறுத்திவிடும். ஆனால் `last` பழைய நேரத்திலேயே நிற்கிறது. அக்கா 40 நொடி பேசியிருந்தால், திரும்பிய முதல் ஃப்ரேமில் `dt` என்பது 40. ஒரே தாவலில் 12000 பிக்சல். நடுவே இருக்கிற வாய்க்காலையும் வரப்பையும் யாரும் சோதிக்கவே இல்லை. ஈர்ப்பும் 40 நொடிக்குச் சேர்ந்து இழுத்திருக்கும், தரையையும் துளைத்துக்கொண்டு போயிருப்பான்.

`dt`-க்கு ஒரு மேல் வரம்பு வையுங்கள்.

```js
const dt = Math.min((now - last) / 1000, 0.1);
```

இதற்கு ஒரு விலை உண்டு, தெரிந்தே கொடுங்கள். ஏதாவது போனில் உண்மையிலேயே நொடிக்குப் பத்து ஃப்ரேமுக்கும் குறைவாக வந்தால் அங்கே கேம் மெதுவாகத்தான் ஓடும். தரையைத் துளைப்பதைவிட மெதுவாக ஓடுவது மேல் என்பது என் எண்ணம். கேம் தொடங்கும் முதல் ஃப்ரேமையும் பாருங்கள். `last` அப்போது `undefined` என்றால் `dt` `NaN` ஆகி, அப்புறம் `x`, `y` எல்லாம் `NaN`. திரையில் பையன் காணாமல் போவான், பிழைச் செய்தி ஒன்றும் வராது.

இன்னொன்று. மூன்று போன் கடன் வாங்கிச் சோதிக்க வேண்டியதே இல்லை. நகர்த்தும் வரிகளை `draw()`-இலிருந்து பிரித்து `update(dt)` என்று தனியாக வைத்துவிட்டால், திரையே இல்லாமல் எந்த ஃப்ரேம் ரேட்டையும் ஓட்டிப் பார்க்கலாம்:

```js
for (const hz of [30, 60, 90, 120]) {
  reset();
  jump();
  let top = 0;
  for (let i = 0; i < hz; i++) {
    update(1 / hz);
    top = Math.min(top, y);
  }
  console.log(hz, -top, x);
}
```

தரையை `y = 0` என்று எடுத்திருக்கிறேன். நான்கு வரியிலும் அச்சாகும் எண்கள் ஒத்துப்போக வேண்டும். உங்கள் பழைய நிரலை இதில் விட்டிருந்தால் 90, 95, 97, 97.5 என்று படிப்படியாக ஏறுவது உடனே தெரிந்திருக்கும். எண்கள் ஒரே பக்கமாக ஏறினால் படிக்கட்டுப் பிழை. இரண்டு மடங்கு, பாதி என்று போனால் எங்கோ ஃப்ரேம் கணக்கு ஒளிந்திருக்கிறது. இதை வைத்தே எந்த நோய் என்று பிரித்துவிடலாம். 90 ஹெர்ட்ஸில் சார் சொன்ன வரிகளோடும் உச்சி 100-ஐத் தொடும், ஏனென்றால் மூன்றில் ஒரு நொடி அங்கே சரியாக 30 ஃப்ரேம். 144 போட்டாலும் அப்படியே, 48 ஃப்ரேம். 50 போட்டால் உச்சிக் கணம் இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே விழும், அச்சாகும் எண் ஒரு துளி குறையும். பாதை மாறவில்லை, நாம் பார்க்கிற கணம்தான் வேறு.

ஆனாலும் தம்பி, நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதோடு நிறுத்த மாட்டேன். நிலையான அடிக்குப் போய்விடுவேன். கேமின் உலகம் எப்போதும் 60-இல் ஒரு பங்கு நொடி வீதம்தான் நகரும். கடந்துபோன நேரத்தை உண்டியலில் போட்டுக்கொண்டே வந்து, ஓர் அடிக்குப் போதுமான அளவு சேர்ந்ததும் எடுத்துச் செலவழிப்பது:

```js
acc += dt;
while (acc >= STEP) {
  update(STEP);
  acc -= STEP;
}
```

இப்படிச் செய்தால் சராசரியா படிக்கட்டா என்ற கேள்வியே எழாது. பிழை இருந்தாலும் எல்லாப் போனிலும் அதே பிழை. 192 என்று வைத்தால் எங்கேயும் 192 தான்.

அம்பை வாத்தியார்

அதில் எனக்கு ஓர் ஐயம். எல்லா இடத்திலும் ஒரே தவறான விடை கிடைப்பதைவிட, எல்லா இடத்திலும் சரியான விடை கிடைப்பது நல்லது இல்லையா? அந்த மூன்று வரியே போதுமானதாக இருக்கும்போது உண்டியல் எதற்கு?

பாளைச்சுவடி

சார், ஈர்ப்பு மட்டும் இருக்கும்வரை நீங்கள் சொல்வதே சரி, மூன்று வரி போதும். ஆனால் வேகத்தையோ இடத்தையோ பொறுத்து மாறும் விசை வந்துவிட்டால் சராசரியும் தோராயம் ஆகிவிடும். நீங்களே உருளலில் சொன்னீர்கள். அப்புறம் மோதல் சோதனை. பையன் தரையைத் தொட்டானா என்று ஃப்ரேமுக்கு ஒருமுறைதான் பார்க்கிறோம். 30 ஃப்ரேமில் அந்த இடைவெளிக்குள் 10 பிக்சல் ஓடிவிடுகிறான், 120-இல் இரண்டரைதான். மெல்லிய முள்வேலி ஒன்று குறுக்கே இருந்தால் ஒரு போனில் படும், இன்னொன்றில் படாது. பாதை சரியாக இருந்தும் பார்க்கிற கணங்கள் வேறு என்பதால் வரும் வித்தியாசம் இது. நிலையான அடியில் அந்தக் கணங்களும் ஒன்றாகிவிடும்.

களக்காட்டு வாழை

அக்கா, என் 90 ஹெர்ட்ஸ் போன் சார்பில் ஒன்று சொல்ல வேண்டும். நொடிக்கு 60 அடி, 90 ஃப்ரேம். மூன்று ஃப்ரேமில் இரண்டுக்குத்தான் அடி கிடைக்கும், மூன்றாவதில் பையன் அசையாமல் நிற்பான். நகர், நகர், நில். ஓட்டம் திக்கித் திக்கித்தான் தெரியும். பேட்டை அண்ணன் முறையில் மெதுவாக ஓடினான், இதில் வேகம் சரி, ஆனால் நடை சரியில்லை.

பாளைச்சுவடி

உண்மைதான். அதற்கு வரைகிற இடத்தில் இடைமதிப்பு எடுக்க வேண்டும். முந்தைய அடியின் இடத்தை `prevX` என்று வைத்துக்கொண்டு:

```js
const drawX = prevX + (x - prevX) * acc / STEP;
```

உண்டியலில் மிஞ்சியிருக்கும் சில்லறைக்கு ஏற்ப இரண்டு இடங்களுக்கு நடுவே வரைவது. `y`-க்கும் அப்படியே. திரையில் தெரிவது உண்மை நிலையைவிட அதிகபட்சம் ஓர் அடி பிந்தியிருக்கும், 16 மில்லிசெகண்டு சொச்சம். ஓடித் தாண்டும் கேமில் அது கைக்குத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை.

பேட்டைத்தம்பி

எனக்குத் தெரியும் அக்கா. நான் தாளத்துக்குத் தட்டுகிற கேம்தான் செய்கிறேன், அதில் ஒரு ஃப்ரேம் பிந்தினாலும் விளையாடுகிறவர்கள் சொல்லிவிடுவார்கள். நான் அடியை 120 ஆக வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பிந்துவது பாதியாகும், 90 போனிலும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஓர் அடியாவது கிடைத்துவிடும்.

பாளைச்சுவடி

120 வைக்கலாம். ஆனால் 90 போனில் ஒன்று, ஒன்று, இரண்டு என்று அடி விழும், இடைமதிப்பு இல்லாவிட்டால் அந்தச் சீரின்மை தெரியும். `update` கனமாக இருந்தால் பழைய போனில் ஆபத்தும் உண்டு. 30 ஃப்ரேம் வருகிற போனில் ஒரு ஃப்ரேமுக்கு நான்கு `update`. அந்த நான்கையும் முடிக்கவே 33 மில்லிசெகண்டுக்கு மேல் ஆனால் உண்டியல் காலியாகாது, அடுத்த ஃப்ரேமில் ஐந்து, அப்புறம் ஆறு என்று ஏறிக்கொண்டே போய்க் கேம் உறைந்துவிடும். `dt`-க்கு வைத்த 0.1 வரம்பு அங்கேயும் காப்பாற்றும், ஃப்ரேமுக்குப் பன்னிரண்டு அடிக்கு மேல் போகாது. அதையும் அந்தப் போன் தாங்குமா என்று ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

வீரவநல்லூரான்

சோதனை வரிகளை ஓட்டினேன். சார் முறையில் நான்கு ஃப்ரேம் ரேட்டிலும் உயரம் 100. வரம்பும் வைத்துவிட்டேன். போன் வந்துபோனால் பையன் விட்ட இடத்திலேயே நிற்கிறான்.

இப்போதைக்கு மூன்று வரியோடு இருக்கிறேன். ஆனால் அடுத்த கட்டத்தில் பையன் சேரன்மகாதேவியில் ஆற்றுக்குள் இறங்குகிறான். வண்டி மிதக்க வேண்டும், நீரோட்டம் தள்ள வேண்டும், வேகமாகப் போனால் தண்ணீர் அதிகமாகத் தடுக்க வேண்டும். அது பாளை அக்கா சொன்ன வகைக்குள் வருகிறது என்று நினைக்கிறேன். தடுக்கும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று எடுத்தால் சராசரி முறை எவ்வளவு தூரம் தாங்கும் சார்?

அம்பை வாத்தியார்

நீரோட்டத்தின் வேகம், தடையின் அளவு, வண்டியின் நிறை மூன்றுக்கும் நீங்கள் என்ன எண் வைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். 30-க்கும் 120-க்கும் தாளில் போட்டுப் பார்க்கிறேன். பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஆகும்.